புதுப்பிப்பு: ஆஃபர் கடிதம் வந்தது, ராஜினாமா இன்னும் கொடுக்கவில்லை

முன்பு நான் கேட்டது: "போனில் வேலை உறுதி என்கிறார்கள். காரைக்குடி வேலையை இப்போதே விடலாமா?"

விடவில்லை. "சம்பள விவரம், சேரும் தேதியோடு கடிதம் வந்ததும் ராஜினாமா கொடுக்கிறேன்" என்று மெயில் போட்டேன். நான்கு நாளில் வந்தது. போனில் மாதம் 35,000 என்றார்கள். கடிதத்தில் 30,000தான் நிலையானது, மீதி 5,000 இலக்கை எட்டினால் மட்டும். மொத்தத்தைப் பார்க்காதே, பிரித்துப் பார் என்று அந்தக் கேள்விக்குப் பதிலில் அண்ணன் ஒருவர் சொன்னது இதைத்தான். 30 நாளில் சேர வேண்டுமாம். எனக்கு நோட்டீஸ் 60 நாள். கேட்டதும் தேதியை மட்டும் திருத்தித் தந்தார்கள்.

கடிதம் வேண்டாம், மெயிலே போதும் என்று பதில் எழுதிய தம்பி சொன்னது பாதி சரி. தொகையும் தேதியும் அதில் இருந்தால்தான் பிடிமானம்.

அந்த 5,000 பற்றி இன்னும் பதில் வரவில்லை.