ரவுட்டர் கடவுச்சொல்லை உதவ வருபவரிடம் கொடுக்கலாமா?

வேணி: மாலையில் ஃபைபர் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. இணையத்தில் பழக்கமான ஒருவர் சரிபார்த்துத் தருகிறேன் என்கிறார். வெளியிலிருந்தே ரவுட்டர் அமைப்புகளுக்குள் நுழையவிடும் Remote Management-ஐத் திறந்து, நிர்வாகக் கடவுச்சொல்லை அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

மாறன்: தாராளமாக அனுப்புங்கள். வங்கித் தளம் https என்பதால் அங்கே நீங்கள் தட்டும் கடவுச்சொல் ரவுட்டரில் தெரியாது. வேலை முடிந்ததும் ரவுட்டர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் தீர்ந்தது.

எழில்: https பற்றிச் சொன்னது சரி. ஆனால் தீராது. உள்ளே வந்தவர் Backup பொத்தானை அழுத்தினால் அமைப்புகள் முழுவதும் ஒரே கோப்பாக அவரிடம் போய்விடும். பல ரவுட்டர்களில் அதிலிருந்து வைஃபை கடவுச்சொல்லையும், இணைய நிறுவனத்தோடு இணையப் பயன்படும் PPPoE கடவுச்சொல்லையும் எளிதில் எடுத்துவிடலாம். டிஎன்எஸ் முகவரியை மாற்றிவைத்தால், வீட்டுக் கருவிகள் எந்தத் தளத்துக்கும் அவர் குறித்த சேவையகத்திடம்தான் வழி கேட்கும். Port Forwarding-இல் ஒரு வரி சேர்த்தால் வீட்டுக் கேமரா வெளியுலகுக்குத் திறந்துவிடும். கடவுச்சொல்லை மாற்றினாலும் இந்த மாற்றங்கள் அப்படியே இருக்கும். திறந்த Remote Management பக்கத்தை அவர் மட்டுமா பார்ப்பார்? இணையத்தை ஓயாமல் துழாவும் நிரல்களும் கண்டுபிடித்துவிடும்.

மாறன்: பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாதே.

எழில்: அப்படியானால் உதவ வருபவராலும் நுழைய முடியாது. அடுத்து, கணினியைத் தொலைவிலிருந்து இயக்கவிடும் எனிடெஸ்க் செயலியை நிறுவச் சொல்வார். அப்போது திறந்திருக்கும் மின்னஞ்சலோடு கணினியே அவர் கைக்குப் போகும். அது இதைவிட மோசம்.

கதிர்: எங்கள் படுக்கையறையிலும் இதே தொல்லைதான். ரிப்பீட்டர் வாங்கினேன், சரியாகிவிட்டது.

எழில்: கதிர், உங்களுடையது வைஃபை எட்டாத சிக்கல். வேணி, விண்டோஸ் கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து, இரண்டு Command Prompt சன்னல்களில் இவற்றை ஓடவிடுங்கள்:

```
ping -t 192.168.1.1
ping -t 8.8.8.8
```

முதல் முகவரி உங்கள் ரவுட்டருடையதாக இருக்க வேண்டும். இணைப்பு அறும்போது இரண்டும் நின்றால் கோளாறு கேபிளிலோ ரவுட்டரிலோ இருக்கிறது. இரண்டாவது மட்டும் நின்றால் அது ரவுட்டரைத் தாண்டிய சிக்கல். அப்போது, ஃபைபரில் ஒளி வராவிட்டால் எரியும் LOS விளக்கு சிவப்பா என்று பாருங்கள். ஃபைபரில் வந்துசேரும் ஒளியின் வலிமையைக் காட்டும் Rx Power அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வேணி: நேற்று மாலை இரண்டாவது மட்டும் நின்றது. LOS சிவக்கவில்லை. Rx Power -27.8 dBm.

எழில்: அங்கேதான் காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன். வழக்கமான ஃபைபர் பெட்டிகளுக்கு -27, -28 அளவுதான் விளிம்பு. ஒளி அதற்கும் குறைந்தால் இணைப்பு தள்ளாடும். ஃபைபர் வளைந்திருக்கலாம், இணைப்பான் அழுக்காகியிருக்கலாம். யார் ரவுட்டருக்குள் நுழைந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. இந்த எண்ணைச் சொல்லி நிறுவனத்தில் புகார் பதியுங்கள். படம் அனுப்புவதானால் பொது ஐபி, PPPoE பயனர்பெயர், மேக் முகவரிகள் மூன்றையும் மறைத்துவிடுங்கள்.

மாறன்: இந்த முறை சரி. ஆனால் நிறுவனமே தொலைவிலிருந்து ரவுட்டருக்குள் வருகிறதே, அதை நம்புகிறோமே? என் தம்பி கேட்டால் நான் கொடுப்பேன்.

எழில்: நிறுவனத்திடம் புகார் எண்ணை வைத்துக் கேள்வி கேட்க முடியும். தம்பியானாலும் திரையைப் பகிர்ந்து, அவர் சொல்லச் சொல்ல நானே அழுத்துவேன்.

மாறன்: வயதான பெற்றோரால் அதைச் செய்ய முடியாதே?