கலைச்சொல் தேவை: ‘ஆர்ம்ஸ் லெங்த் பிரைஸ்’ — கைத்தூர விலை வேண்டாம்

ஐந்தொகை (கோவை):

குழுவினருக்கு வணக்கம். ஒரு சொல்லுக்காக இரண்டு நாளாகத் திண்டாடிக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் கணக்குத் தணிக்கைக்கு வரும் ஒரு ஃபவுண்டரி முதலாளி வார்ப்பு வால்வு உடல்கள் செய்கிறார். ஜெர்மனியில் அவர் மகன் நடத்தும் கம்பெனியில் இவர் கம்பெனிக்குப் பாதிக்கு மேல் பங்கு இருக்கிறது. அங்கே போகும் சரக்குக்கு என்ன விலை போட வேண்டும், வருமான வரிக்காரர்கள் ஏன் அதைக் கேட்கிறார்கள் என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். வெளியாருக்குப் போடுவது போலவே சொந்தக் கம்பெனிக்கும் போட வேண்டிய விலையைச் சொல்லும் ‘ஆர்ம்ஸ் லெங்த் பிரைஸ்’ என்பதற்கு இணையத்தில் கிடைத்த ‘கைத்தூர விலை’யைப் போட்டேன். அவர் படித்துவிட்டு, “கைக்கெட்டுகிற தூரம் என்றால் பக்கத்தில் என்றுதானே அர்த்தம்? அப்போ மகன் கம்பெனிக்குச் சலுகை விலை போடலாமா?” என்று கேட்டார்.

அவர் கேட்டது சரி. ஆங்கிலத்தில் அந்தச் சொல், ஆளை ஒரு கை தள்ளி நிறுத்துவது. தமிழில் கைக்கெட்டும் தூரம் என்றால் கிட்டத்தில் இருப்பது. நேர் எதிர்ப் பொருள் வந்துவிட்டது. இந்தச் சொல்லை இனி யாரும் எழுதக் கூடாது என்பதே என் முதல் வேண்டுகோள். மாற்றுச் சொல் என்ன?

அகராதிப்பிரியன்:

இதற்கு ஏன் புதுச்சொல்? ‘சந்தை விலை’ என்று எழுதுங்கள். வெளியே என்ன விலை போகிறதோ அதே விலைக்குச் சொந்தக் கம்பெனிக்கும் விற்க வேண்டும், அவ்வளவுதானே? அது பிடிக்கவில்லை என்றால் ‘நியாய விலை’ இருக்கிறது.

பனிநாட்டான் (ரொறன்ரோ):

அகராதிப்பிரியன் ஐயா, நியாய விலை என்றால் தமிழ்நாட்டில் ரேஷன் கடை அல்லவா நினைவுக்கு வரும்? அதை விடுவோம். சந்தை விலை என்பதுதான் ஆபத்து. நான் இங்கே வரித்துறை சார்ந்த வேலையில் பல வருடமாக இருக்கிறேன். சந்தை விலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்துக்காக ஒரு வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போனது.

கிளாக்சோவின் கனடாக் கிளை, ஸான்டாக் என்ற வயிற்றுப்புண் மருந்தை விற்றது. அதன் மூலப்பொருள் ரனிட்டிடின். 1990 முதல் 1993 வரை அதை அடெக்சா என்ற குழும நிறுவனத்திடமிருந்து, ஸ்விட்சர்லாந்திலிருந்து, கிலோ 1,512 முதல் 1,651 டொலர் வரை கொடுத்து வாங்கினார்கள். அதே காலத்தில் கனடாவில் அதே மருந்தைப் பொதுப்பெயரில் விற்ற ஜெனரிக் கம்பெனிகள் அதே ரனிட்டிடினை வெளியாரிடம் 194 முதல் 304 டொலருக்கு வாங்கின. வேதிப்பொருள் ஒன்றுதான். வரித்துறை என்ன சொல்லியிருக்கும்? ஐயா சொல்வதைத்தான் சொன்னது. சந்தையில் 304, நீ 1,500க்கு மேல் கொடுத்திருக்கிறாய், மிச்சத்தைச் செலவாகக் காட்டி லாபத்தை வெளியே அனுப்பியிருக்கிறாய் என்றது. வரி நீதிமன்றமும் பெரும்பாலும் அதை ஏற்றது.

2012இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஜெனரிக் கம்பெனி வாங்கியது பொருளை மட்டும். கிளாக்சோ கனடாவுக்கு இன்னொரு ஒப்பந்தமும் இருந்தது. ஸான்டாக் என்ற பெயரையும் காப்புரிமையையும் பயன்படுத்தும் உரிமை அதில் வந்தது. விற்பனையில் 6 சதவீதம் உரிமைத்தொகை. அந்தப் பெயர் இருந்ததால்தான் அவர்களால் அதிக விலைக்கு விற்க முடிந்தது. எனவே உறவில்லாத ஒருவர் அதே ஒப்பந்தங்களோடு, அதே நிலையில் நின்றிருந்தால் என்ன கொடுத்திருப்பார் என்று பார்க்கவேண்டும் என்றார்கள். கொடுத்த விலை சரி என்றும் அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை; கணக்கைத் திரும்பப் பார்க்கச் சொல்லி வரி நீதிமன்றத்துக்கே அனுப்பினார்கள்.

ஆகவே நாம் தேடும் சொல்லில் சந்தை வரக் கூடாது. ஆள் வரவேண்டும். உறவில்லாத ஆள்.

பாவுநூல் (ஈரோடு):

நல்ல நேரத்தில் பேச்சு வந்தது. நானும் தம்பியும் தனித்தனி நிறுவனம் வைத்திருக்கிறோம். நான் கோன் நூல் அவனுக்கு அனுப்புகிறேன், வெளியே கொடுப்பதைவிடக் கிலோவுக்கு ஆறு ரூபாய் குறைத்து. ஜிஎஸ்டி ஒழுங்காகக் கட்டுகிறோம். நாங்களும் இந்த விலையைக் கணக்குப் போட்டுப் படிவம் கொடுக்க வேண்டுமா? அக்கா சொல்லுங்கள், பயமாக இருக்கிறது.

ஐந்தொகை:

பாவுநூல் தம்பி, பயப்பட வேண்டாம். நாங்கள் பேசுவது எல்லை தாண்டிப் போகும் சரக்கு. உள்நாட்டில் இந்தச் சட்டம் வருவது வரிச்சலுகை பெறும் பிரிவுகள் போன்ற சில இடங்களில், அதுவும் ஆண்டுக்கு 20 கோடி ரூபாய்க்கு மேல் போனால்தான். ஜிஎஸ்டியில் உறவினர் விற்பனைக்குத் தனி விதி உண்டு. ஆனால் உங்கள் தம்பி கட்டிய வரியை முழுதாக உள்ளீட்டு வரவாக எடுக்க முடிந்தால், பில்லில் போட்ட விலையே ஏற்கப்படும். நீங்கள் உங்கள் ஆடிட்டரிடம் கேட்க வேண்டியது வேறு: உங்கள் தம்பியின் நிறுவனத்திடமிருந்து நீங்கள் எதையாவது அதிக விலைக்கு வாங்குகிறீர்களா என்பது. அந்த அதிகத்தைச் செலவாக ஏற்காமல் விடுவார்கள்.

பனிநாட்டான் சொன்னது எனக்குப் பெரிய உதவி. 1961 வருமான வரிச் சட்டத்தின் 92எஃப் பிரிவில் உள்ள விளக்கத்திலும் கையோ தூரமோ கிடையாது. இணை நிறுவனங்கள் அல்லாதவர்களுக்கு இடையே, கட்டுப்பாடில்லாத நிலையில் போடப்படும் விலை என்றுதான் இருக்கிறது. இரண்டுமே அதில் வருகின்றன: ஆளும் நிலையும்.

ஃபவுண்டரிக் கணக்கையும் சொல்கிறேன், எண்களை உருட்டி. ஜெர்மனிக்கு ஒரு வால்வு உடல் 850 ரூபாய், ஆண்டுக்கு 20,000 எண்ணம். அதே வார்ப்பு இத்தாலியில் எந்த உறவும் இல்லாத ஒருவருக்கும் போகிறது. அந்த ஆண்டு நான்கு பில், சராசரி 1,000 ரூபாய். 150 ரூபாய் வித்தியாசம் என்று அதிகாரி உடனே எழுதிவிடலாம். எழுதினால் 30 லட்சம்.

ஆனால் இத்தாலி விலையில் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்திருக்கின்றன. ஜெர்மனிக்காரர் அதைத் தானே கட்டிக்கொள்கிறார். அது 45 ரூபாய். இத்தாலிக்கு 90 நாள் கடன், ஜெர்மனிக்கு 30 நாள்தான். கூடுதல் 60 நாளுக்கு 12 சதவீத வட்டியில் 20 ரூபாய். அப்புறம் அளவு. இத்தாலிக்காரர் 3,000 எண்ணம்தான் வாங்குகிறார். 10,000க்கு மேல் எடுத்தால் 4 சதவீதத் தள்ளுபடி என்று விலைப்பட்டியலில் இருக்கிறது; அது 40 ரூபாய். மூன்றையும் கழித்தால் 895.

இந்த மூன்றாவதில்தான் வழக்கு வரும். விலைப்பட்டியலில் அச்சடித்தது மட்டும் போதாது, வெளியாருக்கு உண்மையில் தள்ளுபடி கொடுத்தீர்களா என்று கேட்பார்கள். நல்லவேளையாகப் போலந்தில் ஒருவருக்கு 15,000 எண்ணம் அப்படிக் கொடுத்த பில் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால் 935இல் நின்றிருக்கும்.

895க்கும் 850க்கும் 45 ரூபாய் இடைவெளி. மொத்த வியாபாரம் அல்லாத வகைகளுக்கு 3 சதவீதம் வரை விட்டுக்கொடுப்பார்கள், அதுவும் நடந்த விலையின் மேல். 850க்கு 25 ரூபாய் 50 காசு. அதைத் தாண்டிவிட்டதால் முழு 45 ரூபாயும் சேரும், 25.50ஐக் கழித்துக்கொண்டு மீதிக்கு வரி என்று பலர் நினைப்பது தவறு. 20,000 எண்ணத்துக்கு 9 லட்சம் ரூபாய் இவர் வருமானத்தில் கூடும்.

இங்கே இன்னொரு சொல் சிக்கலும் வருகிறது. 1,000ஐ 895 ஆக்கியதையும் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்கிறார்கள், வருமானத்தில் 9 லட்சம் சேர்ப்பதையும் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்கிறார்கள். நான் இரண்டுக்கும் ‘சரிக்கட்டல்’ என்று எழுதி வைத்திருந்தேன்.

சொல்லேர் (தஞ்சாவூர்):

அம்மா, ‘சரிக்கட்டல்’ என்று எழுதினால் ஆளைச் சரிக்கட்டினார்கள் என்று படிப்பார்கள். வரி அலுவலகம் பற்றிய குறிப்பில் அந்தச் சொல் வேண்டவே வேண்டாம். முதல் வகைக்கு ‘ஒப்புச்சீராக்கம்’ வைக்கலாம். இரண்டு விற்பனையையும் ஒப்பிடத் தக்கதாகச் சீர் செய்கிறோம். இரண்டாவது ‘வருமானக் கூட்டல்’.

தலைச்சொல்லுக்கு என்னிடம் மூன்று உண்டு. ‘நொதுமலர் விலை’. நொதுமலர் என்றால் உறவும் பகையும் இல்லாதவர். இதைவிடப் பொருத்தமான பழஞ்சொல் இல்லை. நொதுமி என்று நியூட்ரானுக்கு எழுதுபவர்கள் இருக்கிறார்கள், ஆகவே வேர் புதிதல்ல. இரண்டாவது ‘அசலார் விலை’. மூன்றாவது ‘அயலார் விலை’.

ஐந்தொகை:

ஐயா, நொதுமலர் எனக்கே பிடித்துவிட்டது. ஆனால் வார்ப்புக்கூடத்தில் அதைப் படிக்க வேண்டியவருக்கு ‘ஆர்ம்ஸ் லெங்த்’ எவ்வளவு அந்நியமோ இதுவும் அவ்வளவு அந்நியம். அசலார் பேச்சில் இருக்கும் சொல், ஆனால் கணக்கில் அசல் விலை என்றால் அடக்க விலை. ‘அசலார் விலை 895, அசல் விலை 780’ என்று ஒரே வரியில் வந்தால் தொலைந்தோம்.

அயலார் விலைக்கே என் ஓட்டு. நேற்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். “அப்படியென்றால் மகன் கம்பெனி என்று நினைக்காமல், அயலாருக்குக் கொடுக்கிற மாதிரி கொடுக்க வேண்டும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு, அதானே?” என்றார். கைத்தூரத்தில் கிடைக்காதது இதில் ஒரே தடவையில் கிடைத்துவிட்டது.

அகராதிப்பிரியன்:

சந்தை விலையை விட்டுவிடுகிறேன், ரனிட்டிடின் கதை போதும். ஆனால் இந்தப் பேச்சே நாடுகளுக்கு இடையிலான வியாபாரம். அங்கே ‘அயலார்’ என்றால் அயல்நாட்டார் என்றுதானே எடுத்துக்கொள்வார்கள்? ஜெர்மனி மகன் அயல்நாட்டில் இருக்கிறார், ஆனால் அயலார் இல்லை. குழப்பம் வரும். ‘சார்பிலா விலை’ சுத்தமாக இருக்கிறது.

பனிநாட்டான்:

சார்பிலா விலை என்றால் விலை எதையும் சாரவில்லை என்று ஆகிவிடும். கிளாக்சோ வழக்கே விலை எதையெதைச் சார்ந்திருக்கிறது என்பதுதான். சார்பு இல்லாதவர்கள் ஆட்கள். ஒரு ர் சேர்த்து ‘சார்பிலார் விலை’ என்று எழுதலாம்.

‘வருமானக் கூட்டல்’ பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இந்தியாவில் வருமானம் கூடும் பக்கம் மட்டும்தான் இந்தச் சட்டம் வேலை செய்யும், சரி. ஆனால் ஒரு நாடு கூட்டினால், வரி ஒப்பந்தம் இடங்கொடுக்கிறபோது மறு நாடு அதே தொகையைக் குறைக்கும். அதையும் ஆங்கிலத்தில் அட்ஜஸ்ட்மென்ட் என்றே சொல்கிறார்கள். அங்கே ‘கூட்டல்’ எப்படிப் பொருந்தும்?

சொல்லேர்:

‘விலைத்திருத்தம்’ என்று பொதுவாக வைத்துக்கொண்டு, கூட்டலையும் குறைப்பையும் அதன் வகைகளாக்கலாமா என்று பார்க்கிறேன். ஆனால் நடந்த விலையை யாரும் திருத்துவதில்லை. பில் பழையபடியே இருக்கிறது. வரிக்கணக்கு மட்டும் மாறுகிறது. இரண்டு நாள் கொடுங்கள்.

ஐந்தொகை:

எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. குறிப்பை நாளை கொடுத்தாக வேண்டும். அதில் ‘அயலார் விலை’ என்றே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில், அயலார் என்பது இங்கே வெளிநாட்டவர் அல்ல, உறவு நிறுவனம் அல்லாதவர் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். சார்பிலாரையும் பட்டியலில் வைத்திருங்கள். 1,000 எப்படி 895 ஆனது என்ற பகுதிக்கு ‘ஒப்புச்சீராக்கம்’. 9 லட்சம் வரும் இடத்தில் இப்போதைக்கு ‘வருமானத்தில் கூட்டிய தொகை’ என்று நீட்டியே எழுதியிருக்கிறேன். போலந்து பில்லின் நகலைக் கடைசிப் பக்கத்தில் பின் செய்திருக்கிறேன்.