ஒரே செல்லில் பல விடை: ‘ஆடு’ எண்ணிக்கை மூன்று விதமாக வருகிறது

கொழிஞ்சாம்பாறை: வார்டு கால்நடைக் கணக்கெடுப்பு, 84 வீடு. கூகுள் ஃபார்மில் பல டிக் போடலாம் என்று வைத்திருந்தோம். C நெடுவரிசையில் விடை ‘ஆடு, செம்மறி ஆடு, கோழி’ என ஒரே செல்லில் விழுகிறது. `=COUNTIF(C2:C85,"*ஆடு*")` போட்டால் 41. பேப்பரில் எண்ணினால் 29. ஒவ்வொரு விலங்குக்கும் 1/0 நெடுவரிசை வேண்டும்.

மறையூர்: `=SPLIT(C2,", ")` போடுங்க, தனித்தனியாப் பிரிஞ்சிடும். பிறகு எண்ணிக்கலாம்.

கொழிஞ்சாம்பாறை: போட்டேன் அண்ணா. இப்போ 46 வருது!

குப்பம்: 46-லதான் விடை இருக்கு. SPLIT-க்குக் காற்புள்ளி, இடைவெளி ரெண்டையும் கொடுத்தா, ரெண்டுலயும் தனித்தனியா வெட்டும். ‘செம்மறி ஆடு’ ரெண்டு செல்லாகி, அதுல இருந்த ‘ஆடு’வும் கணக்குல ஏறிடுச்சு. அப்போ செம்மறி 17 வீடு. 41-ல ரெண்டும் வளர்க்கிற 5 வீடு ஒரு தடவைதான் சேர்ந்திருக்கு. மறையூர் சொன்னதுல கடைசியா `FALSE` சேர்த்தா இது சரியாகும். ஆனா முதல் டிக் முதல் செல்லுக்கே போகும். ஆட்டுக்குன்னு ஒரு நெடுவரிசை கிடைக்காது.

E1 முதல் விலங்குப் பெயர்களை எழுதி, E2-ல இதைப் போட்டு வலப்பக்கமும் கீழேயும் இழுங்க:

```
=IF($C2="","",--ISNUMBER(FIND(","&E$1&",",","&SUBSTITUTE($C2,", ",",")&",")))
```

பெயருக்கு ரெண்டு பக்கமும் காற்புள்ளி வெச்சுத் தேடுறதால ‘செம்மறி ஆடு’ மாட்டாது. நெடுவரிசையைக் கூட்டினா வீடுகளோட எண்ணிக்கை.

நகரி: எனக்கு பை சார்ட் போட எடுத்த சதவீதங்களைக் கூட்டினா 100-ஐத் தாண்டுது, அதுவும் இதனாலயா?

குப்பம்: இல்ல சார், அது வேற. ஒரு வீடு மூணு டிக் போட்டா கூட்டல் 100 தாண்டத்தான் செய்யும். இதுக்கு பை சார்ட்டே ஆகாது, பார் சார்ட் போடுங்க.

கொழிஞ்சாம்பாறை: ஆடு 29, சரி. கோழியில் மட்டும் சில வீட்டுக்கு 0. செல்லில் கோழி கண்ணுக்குத் தெரியுது!

குப்பம்: அந்த வரிகள் பேப்பரைப் பார்த்து வேற கீபோர்டுல அடிச்சதா? அந்த ‘கோழி’யை மட்டும் ஒரு செல்லுல ஒட்டி `LEN` பாருங்க. 4 வரணும். 5 வந்தா ‘ோ’வை ஒரே குறியா அடிக்காம ‘ே’, ‘ா’ன்னு ரெண்டா அடிச்சிருக்காங்க. பார்வைக்கு ஒண்ணு, ஷீட்டுக்கு வேற. சூத்திரத்துல `$C2` இருக்கிற ரெண்டாவது இடத்துல மட்டும் இதை வைங்க:

```
SUBSTITUTE($C2,UNICHAR(3015)&UNICHAR(3006),UNICHAR(3019))
```

கொழிஞ்சாம்பாறை: 5தான்! சரியாயிடுச்சு. 6 வீட்டுல விடையே காலி. அதை 0 ஆக்கலாமா?

மறையூர்: காலின்னா கால்நடை இல்லைன்னுதானே அர்த்தம்? 0 போடுங்க.

குப்பம்: ஃபார்முல ‘எதுவும் இல்லை’ன்னு ஒரு டிக் இருந்திருந்தா அப்படிச் சொல்லலாம். இல்லைன்னா, கேள்வியை விட்டுட்டாங்களா, கால்நடையே இல்லையான்னு ஷீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. 84-ஆல வகுத்தா ஆடு 34.5 சதவீதம், 78-ஆல 37.2. அந்த 6 வீட்டுக்கும் போய்க் கேட்க முடியுமா அக்கா?

கொழிஞ்சாம்பாறை: நாலு வீடு பக்கம்தான். மத்த ரெண்டும் இப்போ பூட்டிக் கிடக்கு.