புதுப்பிப்பு: கூகுளின் இலவச 15 ஜிபி எங்கே போனது?

முன்பு கேட்டது: "பெரிய மெயில்களை அழித்தும் கூகுள் கணக்கு நிறைந்துவிட்டது என்றே வருகிறதே, ஏன்?"

அதற்கு வந்த பதில்களில், பழைய படங்களை அழிக்கச் சொன்னவர் பாதிதான் சரி. 2021 ஜூன் 1-க்கு முன் கூகுள் போட்டோஸில் தரம் குறைத்து ஏற்றிய படங்கள் அந்த 15 ஜிபியில் சேராது. அழித்த மெயில்கள் குப்பைத்தொட்டியில் 30 நாள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் என்று இன்னொருவர் சொன்னதுதான் பலித்தது. அதைக் காலி செய்ததும் கொஞ்சம் இறங்கியது.

அப்புறம் one.google.com/storage பக்கத்தைப் பார்த்தால், பெரும்பங்கு வாட்ஸ்அப் பேக்கப்! ஆண்ட்ராய்டில் அதுவும் இதே 15 ஜிபியில்தான் அடங்க வேண்டும். (ஐபோனில் அப்படி இல்லையே என்றவருக்கு: அங்கே அது ஐகிளவுடுக்குப் போகிறது.) வாட்ஸ்அப் பேக்கப் அமைப்பில் Include videos-ஐ நிறுத்திவிட்டு மறுபடி பேக்கப் எடுத்தேன். சிவப்பு எச்சரிக்கை போய்விட்டது. குடும்ப குரூப் வீடியோக்களை எங்கே வைப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை.