மடலிழை: ‘தாழத் தொங்கும் பழம்’ – இந்தக் கோளாறுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஆலை அலுவலகம், சுங்கை சிப்புட்

குழுவினருக்கு வணக்கம். ஆங்கிலச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கும் வேலை இந்த மாதம் என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பழைய வரைவில் இப்படி இரண்டு வரி இருக்கிறது: ‘முதலில் தாழத் தொங்கும் பழங்களைப் பறிப்போம். பாதுகாப்பில் மூலைகளை வெட்டாதீர்கள்.’ மூலத்தில் ‘லோ ஹேங்கிங் ஃப்ரூட்’, ‘கட் கார்னர்ஸ்’. செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். “எந்த மூலைம்மா? நம்ம பிளாக்கா, ஆத்தோரமா?” என்றார்.

இவற்றை எப்படித் திருத்துவது? இன்னொன்று, எனக்கு உதவும் பிள்ளைகளுக்காக ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். ‘இப்படி எழுதாதே’ என்று காட்ட இந்த வகைத் தமிழாக்கத்துக்கு ஒரு பெயர் வேண்டும்.

கல்லூரி மாணவர், சுங்கை பட்டாணி

அக்கா, இது சுலபம். ஒவ்வொரு ஆங்கிலத் தொடருக்கும் நம்மிடம் ஒரு பழமொழி இருக்கும், அதைப் போட்டால் முடிந்தது. ஒரு கல்லில் இரண்டு பறவை என்பான் வெள்ளைக்காரன், நாம் இரண்டு மாங்காய் என்போம். உங்கள் பழத்துக்குக் ‘கைக்கெட்டிய பழம்’, மூலைக்குக் ‘குறுக்கு வழி’. வேற்று மொழியின் கிளையைக் கொண்டுவந்து ஒட்ட வைப்பதால் பெயர் ‘ஒட்டுப்பெயர்ப்பு’.

முன்னாள் மண்டோர், சுங்கை சிப்புட்

தாழத் தொங்கும் பழம் என்று செம்பனையில் ஒன்று கிடையாது. குலை தொங்காது, மட்டை இடுக்கில் உட்கார்ந்திருக்கும். இளமரமாக இருந்தால் உளியால் குத்தி எடுப்போம், உயர்ந்த மரத்துக்குக் கம்பில் அரிவாள். எதை வெட்டுவது என்பதை உயரம் பார்த்து முடிவு செய்வதில்லை, தரையில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்துத்தான். இந்தத் தாளை நம்பி எவனாவது உதிரி விழாத இளமரத்தில் காயை வெட்டினால் யார் பதில் சொல்வது? நிர்வாகியிடம் சொல்லி அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள்.

தம்பிக்கு ஒன்று. பால்மரத்தில் ஒட்டுக் கட்டினவன் நான். மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்து, ஒட்டின பட்டையை லேசாகக் கீறிப் பார்ப்போம். பச்சையாக இருந்தால் பிடித்துக்கொண்டது, கருத்திருந்தால் செத்தது. ஒட்டு என்றாலே எங்களுக்குப் பிடித்துக்கொண்டதுதான். பிடிக்காத தமிழுக்கு அந்தப் பேரை வைக்காதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர், கோலாலம்பூர்

மண்டோர் ஐயா கேள்வியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாலும், ஆணிவேரைத் தொட்டுவிட்டார். ஆங்கிலம் படிப்பவர் மனத்தில் அந்தப் பழம் எப்போதோ செத்துவிட்டது, ‘சுலபமான வேலை’ என்ற பொருள்தான் எழும்புகிறது. தமிழில் சொல்லுக்குச் சொல் வைத்ததும் பழம் உயிர் பெற்றுவிடுகிறது. படிப்பவர் தோட்டத்து ஆள் என்றால் கேட்கவே வேண்டாம், கையில் அரிவாளோடு மரத்தைத் தேடுவார்.

தம்பி சொன்னது பாதி சரி. மாங்காய் பொருந்தும். ஆனால் ‘கைக்கெட்டிய’ என்று தொடங்கினால் படிப்பவர் மனம் ‘வாய்க்கெட்டவில்லை’ என்று தானே முடித்துக்கொள்ளும். நிர்வாகி நம்பிக்கை ஊட்டப் பார்க்கிறார், நம் தொடர் ஏமாற்றத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. ‘குறுக்கு வழி’யில் திருட்டு வாடை. தலைக்கவசம் போடாமல் அவசரமாக வெட்டுகிறவன் திருடன் இல்லையே, சோம்பல்தானே?

நான் செய்வது இதுதான். ஆங்கில வாக்கியத்தை மூடிவைத்துவிட்டு, யார் யாரை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வேன். முதல் வரியில் சொல்ல வருவது: அதிகச் செலவும் ஆளும் இல்லாமல் முடிகிறவற்றில் தொடங்குவோம். அப்படியானால் ‘எளிதாக முடிகிற வேலைகளை முதலில் முடிப்போம்’ என்றே எழுதலாம். இரண்டாவதில் எந்த ‘மூலை’ என்று மூலத்தில் தேட வேண்டும். அடுத்த பத்தியில் தலைக்கவசம், கையுறை என்று பட்டியல் இருக்கிறதா? இருந்தால் ‘நேரம் மிச்சமாகும் என்று தலைக்கவசத்தையும் கையுறையையும் விட்டுவிட்டு வேலை செய்யாதீர்கள்’ என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் யாரும் ஆத்தோரம் போக மாட்டார்கள். பழமொழியைக் கடைசியில் தேடுங்கள். கிடைத்தால் அது அறிவுரையா, கிண்டலா, புலம்பலா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தைப்பிங்

பெயர் தேடி அலைவானேன்? நன்னூலார் வழுக்களுள் மரபு வழுவையும் சொல்லியிருக்கிறார். யானை மேய்ப்பவனை இடையன் என்றும் ஆடு மேய்ப்பவனைப் பாகன் என்றும் சொல்வது மரபு வழு. ‘மூலைகளை வெட்டாதீர்’ என்பதும் அதே வழுதான். ‘எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே’ என்றிருக்க, நாம் ஏன் புதுச்சொல் உருட்ட வேண்டும்?

இன்னும் மேலே போனால், தொல்காப்பிய மரபியல் ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்கிறது. அதர் என்றால் வழி. பிறமொழிப் பொருளைத் தமிழின் வழியில் நடத்திக் கட்டுவதே தமிழாக்கம். ஆகவே நல்லதற்கு ‘அதர்ப்பெயர்ப்பு’, கெட்டதற்கு ‘அதரில் பெயர்ப்பு’. பெயர்தல் என்பதே இடம் மாறுதல்தான். ‘மொழிபெயர் தேஎம்’ என்று குறுந்தொகை சொல்வது மொழி மாறிப்போகும் நாட்டை. வேங்கடத்துக்கு அப்பால் எங்கே மொழி பெயர்ந்தது என்பது தனி ஆராய்ச்சி, அதை அடுத்த மடலில் விரிக்கிறேன்.

ஆலை அலுவலகம், சுங்கை சிப்புட்

ஐயா, மன்னிக்க வேண்டும், அடுத்த மடல் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வரட்டும். ‘அதரில் பெயர்ப்பு’ என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ‘உதட்டில் பெயர்ப்பா?’ என்று சிரிக்கிறார்கள். மரபு வழு அவர்களுக்குத் தெரியும், ஆனால் குயில் கத்தியது, காகம் கூவியது என்று பள்ளியில் படித்ததாகத்தான் தெரியும். அதில் ஆங்கிலத்தின் நிழலே இல்லை.

மொழிபெயர்ப்பாளர், கோலாலம்பூர்

ஐயா காட்டிய ‘வழி’யையே வைத்துக்கொள்ளலாமே. சொல்லைப் பிடித்துக்கொண்டு போவது ‘சொல்வழி’, பொருளைப் பிடித்துக்கொண்டு போவது ‘பொருள்வழி’. பிள்ளைகளுக்கும் புரியும்.

கல்லூரி மாணவர், சுங்கை பட்டாணி

அப்படியானால் தேனிலவு? பனிப்போர்? ‘நடவடிக்கை எடு’? எல்லாம் சொல்வழி வந்தவைதானே, யாருக்கும் உறுத்தவில்லையே? மலாயில் ‘மாக்கான் ஆஙின்’ என்றால் காற்றுத் தின்பது. நாம் காற்று வாங்கப் போகிறோம், கிட்டத்தட்ட அதே படம். சில படங்கள் எல்லை தாண்டும். எல்லாவற்றையும் தப்பு என்று ஒரே பெயரில் அடைக்க முடியாது.

மொழிபெயர்ப்பாளர், கோலாலம்பூர்

நியாயம். அவை செய்தித்தாளிலும் பேச்சிலும் புழங்கிப் புழங்கித் தழும்பேறியவை. புதிதாக ஒன்றை அப்படி நுழைத்துப் பார்க்கச் சுற்றறிக்கை இடம் இல்லை என்பது மட்டுமே என் வாதம். ஆங்கிலம் தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் பொருளைப் பற்றிக் கேட்டால் சரி, பழத்தைப் பற்றிக் கேட்டால் திருத்துங்கள்.

ஆலை அலுவலகம், சுங்கை சிப்புட்

‘சொல்வழி’ என்றே குறிப்பில் போட்டுவிட்டேன். மூன்று பேர் ஆதரவு, மண்டோர் ஐயா ‘பேர் எதுவானாலும் சரி, அந்தப் பழம் போனதா?’ என்று தொலைபேசியில் கேட்டார். போய்விட்டது ஐயா. இப்போது மூன்றாம் பக்கத்தில் ‘நாம் அனைவரும் ஒரே பக்கத்தில் இருக்கிறோம்’ என்று ஒரு வரி. ‘எல்லாருக்கும் ஒரே புரிதல் இருக்கட்டும்’ என்று மாற்றுகிறேன், யாருக்காவது மறுப்பு உண்டா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தைப்பிங்

அந்த வரிக்கு மறுப்பில்லை, ‘புரிதல்’ என்பதற்கு மட்டும் உண்டு. ‘எல்லாரும் ஒன்றுபோல் புரிந்துகொள்வோம்’ என்று வினையாகச் சொன்னால் போதும். ‘சொல்வழி’க்கு என் மறுப்பு அப்படியே நிற்கிறது. சொல்லின் வழி போகாமல் பொருளுக்கு எவரும் போய்ச் சேர முடியாது. குற்றம் வழியில் இல்லை, பாதியில் நின்றுவிடுவதில் இருக்கிறது. வேங்கடம் பற்றிய மடல் சனிக்கிழமை வரும்.