டிஎஸ்சிஆர் 1.17ஆ, 1.51ஆ? முடியப்போகும் கடனை எப்படிச் சேர்ப்பது?

பெங்களூரு பீன்யாவில் அண்ணன் லேத் பட்டறை வைத்திருக்கிறார். புது மெஷினுக்குக் கடன் கேட்டோம். வருட லாபம் வருடத் தவணையைப் போல் எத்தனை மடங்கு என்று காட்டும் டிஎஸ்சிஆர் 1.25 வேண்டும், உங்களுக்கு 1.17தான் என்று திருப்பிவிட்டார்கள்.

ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை கரண்ட் அக்கவுண்டில் வரவு 91.3 லட்சம். ஸ்டேட்மென்டை வரிவரியாகப் பார்த்து, வியாபார வரவு அல்லாததைக் கழித்தேன்: சேமிப்புக் கணக்கிலிருந்து நாங்களே மாற்றியது 12 லட்சம், வந்து விழுந்த கடன் தொகை 6 லட்சம், வரவு வைத்துத் திரும்பிய செக் 2.5 லட்சம். மிச்சம் 70.8 லட்சம். வட்டி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 14 சதவீதம், அதாவது 9.91 லட்சம். மாதத் தவணை பழையதும் புதியதும் சேர்த்து 60,000, வருடத்துக்கு 7.2 லட்சம். விகிதம் 1.38 வந்ததும் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம்தான் தவறு புரிந்தது. வரவில் 18% ஜிஎஸ்டியும் இருக்கிறது, அது நம் பணம் இல்லை. 1.18ஆல் வகுத்தால் விற்பனை 60 லட்சம், லாபம் 8.4 லட்சம், விகிதம் சரியாக அவர்கள் சொன்ன 1.17.

ஆனால் அந்த 60,000இல் 18,000 ரூபாய் தவணைக்கு இன்னும் மூன்று மாதம்தான் பாக்கி. அதை மூன்று மாதம் மட்டும் சேர்த்தால் திருப்பவேண்டியது 5.58 லட்சம், விகிதம் 1.51. கடன் முடியும் தேதியோடு தவணை அட்டவணை கொடுத்தோம், அதிகாரி ஏற்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி விண்ணப்பிக்கிறோம்.

கடன் மதிப்பீட்டில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்: சில மாதங்களில் முடியும் கடனை முழு 12 மாதத்துக்கும் கணக்கில் எடுப்பீர்களா, மீதித் தவணைகளை மட்டுமா?