சிங்கிள் பாயிண்ட் ரூப்ரிக்: தமிழில் என்ன சொல்லலாம்?

தமிழரசி:
அனைவருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ‘சிங்கிள் பாயிண்ட் ரூப்ரிக்’ என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. மாணவர் வேலையை மதிப்பிட வைத்திருக்கும் அட்டவணைதான் ரூப்ரிக். வழக்கமான ரூப்ரிக்கில் மதிப்பிட வேண்டிய ஒவ்வொரு கூறுக்கும் நான்கு தரநிலைகளை எழுதி வைப்போம். இதில் ஒன்றே ஒன்றுதான். தாளை மூன்று பத்தியாகப் பிரித்து, நடுவில் எட்ட வேண்டிய தரத்தை மட்டும் எழுதுகிறார்கள். இரண்டு பக்கமும் வெற்றிடம். இடப்பக்கம் அந்தத் தரத்துக்கு இன்னும் என்ன தேவை என்பதும், வலப்பக்கம் எங்கே அதைத் தாண்டியிருக்கிறது என்பதும் கையால் எழுதப்படும். ‘ஒற்றைப்புள்ளி மதிப்பீட்டு அட்டவணை’ என்று முதல் வரைவில் போட்டேன். ஏதோ உறுத்துகிறது.

கனகசபை:
உறுத்தத்தான் செய்யும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அப்படித்தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஒரு பக்கம் குறை, மறுபக்கம் நிறை. ‘குறைநிறை அட்டவணை’ என்று வைத்துவிடுங்கள். யாருக்கும் விளக்க வேண்டியிராது.

முருகன்:
ஒரு மதிப்பெண் வினாக்களுக்குத் தனியாக அட்டவணை எதற்கு? சரி என்றால் ஒன்று, தப்பு என்றால் பூஜ்யம். நான் பதினைந்து வருடமாக அப்படித்தான் போடுகிறேன்.

சுதன்:
முருகன் அண்ணாவுக்கு வந்த குழப்பம் எங்கட பக்கத்தில் எல்லோருக்கும் வரும். இலங்கையில் மதிப்பெண்ணைப் புள்ளி என்றுதான் சொல்கிறோம், விடை திருத்தப் புள்ளித்திட்டம் என்று ஒன்று தருவார்கள். ‘ஒற்றைப்புள்ளி அட்டவணை’ என்று கண்டால் ஒரு புள்ளிக்கான வினா என்றே வாசிப்பேன். இந்தச் சொல் வேண்டாம்.

நிலோஃபர்:
சுதன் சொல்வது முக்கியமானது. மூலச் சொல்லில் வரும் பாயிண்ட் மதிப்பெண்ணும் அல்ல, கூறும் அல்ல. நான்கு கூறுகள் இருந்தாலும் இது சிங்கிள் பாயிண்ட்தான். தர ஏணியில் ஒரே ஒரு படியை மட்டும் விவரிக்கிறோம் என்பதே பொருள்.

கனகசபை ஐயாவின் ‘குறைநிறை’ காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தத் தாளில் நடப்பது அது இல்லை. ஒரு கட்டுரைப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு கூறுக்கு நடுப்பத்தியில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘தன் கருத்துக்கு எதிரான வாதம் ஒன்றையாவது எடுத்துச் சொல்லி, அதற்குக் காரணத்தோடு பதில் தருகிறது.’ முதல் மாணவி எதிர்வாதத்தைச் சொல்கிறாள், பிறகு ‘இது தவறு’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறாள். இடப்பக்கம் எழுதுகிறேன்: ‘எதிர்வாதம் வந்துவிட்டது. ஏன் தவறு என்பதற்கு ஒரு காரணமாவது சேர்.’ இரண்டாமவன் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையே தேடி எடுத்து, அதில் ஒரு பகுதி சரிதான் என்று ஒப்புக்கொண்டு, மீதிக்குப் பதில் சொல்கிறான். அதை வலப்பக்கம் குறிக்கிறேன். மூன்றாமவள் நடுவில் கேட்டதை அப்படியே செய்திருக்கிறாள். அவளுக்கு நடுப்பத்தியில் ஒரு டிக், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் காலி. குறைநிறை அட்டவணை என்று பெயர் வைத்தால், அவள் நிறை என்ற இடம் காலியாக இருப்பதைப் பார்த்து முகம் வாடுவாள். உண்மையில் அவள் இலக்கை எட்டியவள்.

நான்குநிலை அட்டவணையில் இரண்டாமவனைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்வார்கள். எதிர்வாதத்தில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்வான் என்று நான் முன்கூட்டி யோசிக்கவில்லை என்றால், உச்சநிலைக் கட்டத்தில் அதற்கு இடமே இருக்காது. கீழ்நிலைக் கட்டங்களோ ‘சில’, ‘ஓரளவு’, ‘பெரும்பாலும்’ என்று ஒரே வாக்கியத்தை நீர்த்துப்போகச் செய்து நிரப்பியவைதான். நான்கு கூறுக்குப் பதினாறு கட்டம் எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும்.

முருகன்:
சரி, தப்பாகப் புரிந்துகொண்டேன். ஆனால் என் வகுப்பில் 42 பேர். நான்கு கூறு என்றால் 168 இடத்தில் எழுத வேண்டும். பெயர் எதுவாயினும் இருக்கட்டும், கை வலிக்குமே?

நிலோஃபர்:
எல்லாக் கட்டத்தையும் நிரப்பத் தேவையில்லை. இலக்கை எட்டிய கூறுக்கு டிக் போதும். ஆனாலும் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முன்கூட்டி எழுதும் வேலை குறைகிறது, திருத்தும்போது எழுதும் வேலை கூடுகிறது. சோர்ந்த இரவில் நானே இடப்பக்கம் ‘இன்னும் முயற்சி தேவை’ என்று எழுதியிருக்கிறேன். அது குறிப்பே அல்ல. மாணவர் அதைப் படித்துவிட்டு நாளைக்கு எந்த வரியை மாற்றுவார்?

நடுப்பத்தி மழுப்பலாக இருந்தாலும் இப்படித்தான் ஆகும். ‘கருத்துகள் தெளிவாக உள்ளன’ என்று வைத்தால், இருபுறமும் ‘தெளிவில்லை’, ‘மிகத் தெளிவு’ என்றுதான் கை எழுதும். நாம் ஓட்டிவிட்ட நான்குநிலை அட்டவணை பின்வாசல் வழியாக வந்துவிடும். பெயர் வைக்கும்போது நடுப்பத்திதான் முன்னுக்கு வர வேண்டும், பக்கங்கள் அல்ல. ‘இலக்குநிலை அட்டவணை’ எப்படி?

கனகசபை:
குறைநிறையை விட்டுவிடுகிறேன், அம்மா. ஆனால் இலக்குநிலை என்பதில் எனக்கு ஒரு சிக்கல். எல்லா ரூப்ரிக்கிலும் இலக்கு உண்டு. நான்குநிலை அட்டவணையிலும் மூன்றாவது கட்டம் இலக்குதான். இதன் தனித்தன்மை ஒன்றே ஒன்று என்பதில் இருக்கிறது. ‘ஒருநிலை அட்டவணை’ என்றால், மற்றதைப் ‘பலநிலை அட்டவணை’ என்று சொல்லலாம். கலைச்சொல்லுக்கு இணை கிடைப்பது பெரிய வசதி.

சுதன்:
இணை நல்லம்தான். ஆனால் ஒருநிலை என்றதும் மனத்தை ஒருநிலைப்படுத்துவது நினைவுக்கு வருகிறது. தியான வகுப்புக்கான அட்டவணை போல் இருக்கிறது.

முருகன்:
கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் மாதிரி இல்லையா இது? நடுவில் கோடு, குமிழி இடப்பக்கம் போனால் ஒன்று, வலப்பக்கம் போனால் இன்னொன்று. ‘மட்டஅட்டவணை’ என்று சொல்லுங்கள்.

கனகசபை:
உவமை பிரமாதம், முருகன். ஆனால் ‘உன் கட்டுரைக்கு மட்டஅட்டவணை’ என்று ஒரு பையனிடம் கொடுத்துப் பாருங்கள். மட்டமான கட்டுரை என்று வீட்டில் போய்ச் சொல்வான். அதோடு ரசமட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் கோணல்தான். இங்கே வலப்பக்கம் போவது கோணல் இல்லையே.

நிலோஃபர்:
இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘மதிப்பீட்டு’ என்ற அடைமொழி இருக்கட்டும், ஆனால் ‘மதிப்பெண்’ என்ற வாடை வேண்டாம். கல்வியாளர் ஜரீன் ஃப்ளக்கிகர் 2010-இல் எழுதிய கட்டுரை இந்த அட்டவணையை மாணவர் தம்மைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ளும் கருவியாக முன்வைக்கிறது. நானும் முதலில் மாணவரிடம் காலித் தாளைக் கொடுத்து, இரு பக்கமும் அவரையே எழுதச் சொல்கிறேன். பிறகுதான் என் பேனா. மூன்று ஆசிரியர்கள் ஒரே தேர்வைத் திருத்தி எண் ஒத்துப்போக வேண்டும் என்றால் இந்தத் தாள் உதவாது. இலக்குக்குக் கீழே எவ்வளவு கீழே என்று இதில் எங்கும் எழுதியில்லை. அங்கே பலநிலை அட்டவணைதான். பாருங்கள், ஐயாவின் சொல்லையே நானும் பயன்படுத்திவிட்டேன்.

தமிழரசி:
இப்போதைக்குக் கையேட்டில் ‘இலக்குநிலை மதிப்பீட்டு அட்டவணை’ என்று போடுகிறேன். அதற்கு மாறானதைப் ‘பலநிலை’ என்றே எழுதுகிறேன். இணை பொருந்தவில்லை என்று ஐயா முகம் சுளிப்பது தெரிகிறது, மறுபதிப்பில் பார்க்கலாம். பத்தித் தலைப்புகளுக்கு ‘எட்ட இன்னும் தேவை’, ‘இலக்கு’, ‘இலக்கைக் கடந்தது’ என்று வைத்திருக்கிறேன். மாணவரே நிரப்புவதால் தலைப்புகள் அவருக்குப் புரியும்படி இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

சுதன்:
‘கடந்தது’ என்பதை ‘இலக்குக்கும் அப்பால்’ என்று வைக்கலாமா? கடந்தது என்றால் முடிந்துபோனது மாதிரியும் ஒலிக்கிறது.

கனகசபை:
அப்பால் நல்ல சொல். இணையை நான் இன்னும் விடவில்லை.